குறிப்புப் புத்தகம் யாருடையது?

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த என்னிடம், தொழிலால் சேர்த்த சொத்து என்னவென்று யாராவது கேட்டால், தொலைபேசி இலக்கங்கள் நிறைந்த சில குறிப்புப் புத்தகங்களைத் தவிரக் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை. ஒரு பத்திரிகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அவற்றைக் கையோடு எடுத்துச் சென்றேன். அவை யாருடையவை என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியவர் இலண்டனில் வாழும் ஒரு வாசகர். தமிழ்க் கடைகளுக்கு உணவுப் பொருட்கள் விநியோகிக்கும் மொத்த வியாபார நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் அவர், அங்கிருந்து விலகிச் சொந்தமாகத் தொழில் தொடங்கவிருப்பதாக எழுதியிருந்தார். வாடிக்கையாளர் பட்டியல் அலுவலகக் கணினியில் எக்செல் கோப்பாக இருக்கிறதாம். "அவர்களையெல்லாம் அலைந்து திரிந்து பிடித்தவன் நான். பிரதி எடுத்தால் என்ன பிழை?" என்பது அவருடைய வாதம். அவர் வாழ்வது இங்கிலாந்தில் என்பதால் அந்நாட்டுத் தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். அவற்றுள் முக்கியமான இரண்டு, வேடிக்கையாக, பறவைகளைப் பற்றியவை.

முதலாவது 1895ஆம் ஆண்டின் 'ரொப் எதிர் கிறீன்' வழக்கு. வேட்டைப் பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் விற்ற ஒருவரிடம் முகாமையாளராக இருந்தவர், வேலையில் இருக்கும்போதே கொள்வனவுக் கட்டளைப் புத்தகத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெயர் முகவரிகளை இரகசியமாகப் பிரதி செய்தார். விலகிய பின்னர் தாமே அதே வியாபாரத்தைத் தொடங்கி அந்தப் பட்டியலைப் பயன்படுத்தினார். ஒப்பந்தத்தில் இதைத் தடுக்கும் வாசகம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும், விசுவாசமாக நடப்பது வேலை ஒப்பந்தத்தில் எழுதப்படாமலே அடங்கியிருக்கும் கடமை என்றும், அதை அவர் மீறிவிட்டார் என்றும் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, 1986இல் மேன்முறையீட்டில் முடிவான 'ஃபசெண்டா சிக்கன் எதிர் ஃபௌலர்' வழக்கு. குளிரூட்டிய வான்களில் கோழி இறைச்சியை ஏற்றிச் சென்று, கடைகளுக்கும் உணவகங்களுக்கும் வாசலிலேயே விற்கும் முறையை அந்த நிறுவனத்தில் ஏற்படுத்தியவர் அதன் விற்பனை முகாமையாளர். அவர் விலகி, அதே பிரதேசத்தில் அதே வகையான வான் வியாபாரத்தைத் தொடங்கினார். பழைய நிறுவனத்தின் எட்டு ஊழியர்கள் அவரோடு சேர்ந்துகொண்டனர். எந்தக் கடை எங்கே இருக்கிறது, எந்தப் பாதையால் போனால் சுருக்கம், யார் எந்தக் கிழமையில் எவ்வளவு வாங்குவார், யாருக்கு என்ன விலை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இந்த விபரங்கள் எல்லாம் சேர்ந்து எமது இரகசியம் என்றது நிறுவனம்.

நிறுவனம் தோற்றது. ஏன் என்பதில்தான் விடயமே இருக்கிறது. இவ்வழக்கை முதலில் விசாரித்த நீதிபதி, ஊழியர் அறிந்துகொள்ளும் தகவல்களை மூன்றாகப் பிரித்தார். யாரும் அறியக்கூடிய அற்ப விபரங்கள் ஒரு வகை. அவற்றுக்குப் பாதுகாப்பே இல்லை. வேலையில் இருக்கும்வரை வெளியே சொல்லக்கூடாதவை, ஆனால் வேலை செய்யச் செய்ய மனதில் ஊறி ஊழியரின் திறமையோடு பிரிக்கமுடியாதபடி கலந்துவிடுபவை, இன்னொரு வகை. விலகிய பின்னர் இவற்றைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. மூன்றாவதுதான் உண்மையான வர்த்தக இரகசியம். அது தலைக்குள்ளேயே இருந்தாலும் பழைய நிறுவனத்துக்கே உரியது. இரகசியமான ஒரு இரசாயனத் தயாரிப்பு முறை இதற்கு நல்ல உதாரணம். அதைக் கடதாசியில் எழுதிச் செல்லவில்லை, நினைவில்தான் கொண்டுசென்றேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

கோழி வியாபாரத்தின் விபரங்கள் இரண்டாவது வகையிலேயே அடங்கின. வான் ஓட்டியவர்களுக்கும் அலுவலகத்தில் இருந்த சாதாரண ஊழியர்களுக்கும் அவை தெரிந்திருந்தன. இவற்றை இரகசியமாக வைத்திருங்கள் என்று நிறுவனம் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை. விலைகள் சில சூழ்நிலைகளில் இரகசியமாகலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இங்கே விலையை மற்ற விபரங்களிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. கிழமை தோறும் ஒரே கடை வாசலில் போய் நிற்பவனுக்கு அந்தக் கடைக்காரர் எத்தனை கோழி வாங்குவார் என்பது மறக்குமா? மறந்துவிடு என்று எந்தச் சட்டம்தான் கட்டளையிடும்?

ஆகவே ஒரே விதமான தகவலைப் பற்றிய இரு வழக்குகளில் ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார். முதலாமவர் வேலையில் இருந்தபோதே இரகசியமாகப் பிரதி செய்தார். மற்றவர் மனதில் தானாகத் தங்கியதைக் கொண்டு போனார். நினைவிலும் ஒரு வேறுபாடு உண்டு. கொண்டுபோகும் நோக்கத்தோடு பட்டியலை முன்வைத்து மனனம் செய்வதும் பிரதி எடுப்பதற்குச் சமம் என்று அந்த 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்கிறது.

"பட்டியலில் பாதிப்பேர் எப்படியும் எனக்கு ஞாபகம் இருப்பார்கள்" என்று வாசகர் சொல்லக்கூடும். 1987ஆம் ஆண்டின் 'ரோஜர் புலிவன்ட் எதிர் எலிஸ்' வழக்கு அதற்குப் பதில் சொல்கிறது. அங்கே விலகிச் சென்றவர் வாடிக்கையாளர் விபர அட்டைகளின் தொகுப்பையே எடுத்துச் சென்றுவிட்டார். நேர்மையான வழியில் எவரை அணுகியிருக்கலாம், எவரை அணுகியிருக்க முடியாது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லையென்றால் அதைப் பற்றி முறையிடும் தகுதி அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம். அதாவது பட்டியலை எடுத்தவர், எடுக்காமலே பெற்றிருக்கக்கூடிய வாடிக்கையாளரையும் சேர்த்து இழக்கிறார். அதே வேளை, அவருடைய அனுகூலம் எவ்வளவு காலத்துக்கு நீடிக்குமோ அவ்வளவு காலத்துக்குத்தான் தடையும் நீடிக்கலாம் என்பதும் அத்தீர்ப்பின் ஒரு பகுதி.

பிடிபடுவது இன்று 1895ஐ விட எளிது. நினைவகக் குச்சியைச் செருகியதும் கணினி அதைப் பதிவு செய்துகொள்கிறது. சொந்த முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சல் நிறுவனத்தின் வழங்கியில் தங்கிவிடுகிறது. சில நிறுவனங்கள் பட்டியலுக்குள் இல்லாத ஒரு வாடிக்கையாளரின் பெயரைத் தம் ஆள் ஒருவரின் முகவரியோடு விதைத்து வைக்கின்றன. புதிய போட்டியாளரின் விளம்பரக் கடிதம் அந்த முகவரிக்கு வந்து சேர்ந்தால் வேறு சாட்சி அதிகம் தேவையில்லை. பழைய பட்டியலில் தவறாக எழுதப்பட்டிருந்த பெயர் புதிய பட்டியலிலும் அதே தவறோடு இருப்பதும் காட்டிக்கொடுக்கும்.

என் மனதை அதிகம் உறுத்தியது ஒரு பத்திரிகையாளரின் வழக்கு. 2007இல் முடிவான 'பென்வெல்' வழக்கில், மின்சக்தித் துறை பற்றி எழுதிய ஒருவர் தமது தொடர்புகள் அனைத்தையும் நிறுவனக் கணினியில் அவுட்லுக்கில் ஒரே பட்டியலாக வைத்திருந்தார். வேலைக்குச் சேர்வதற்கு முன்னரே அறிமுகமானவர்களும் அதில் இருந்தனர். விலகும்போது அதைப் பிரதி எடுத்துச் சென்றார். பட்டியல் நிறுவனத்துக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். ஆனால் ஒரு பத்திரிகையாளர் தமது தொழில்வாழ்வுக்கான தொடர்புகளைத் தனியே வேறொரு பட்டியலாகப் பேணியிருந்தால் அதைக் கொண்டு போக இடமிருந்திருக்கும் என்பதையும் நீதிபதி ஏற்றுக்கொண்டார்.

இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தகவல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அது இரகசியமாக இருப்பதால் பெறுமதி உடையதாக இருக்கவேண்டும், இரகசியமாக வைத்திருக்க உரியவர் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்கவேண்டும். அலுவலக மேசையில் எவரும் புரட்டக்கூடியதாகக் கிடந்த என் பழைய புத்தகங்களை எந்த நிறுவனமும் அந்த வகையில் உரிமை கோரியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இன்றைய இளம் நிருபர்களின் நிலை வேறு. அவர்கள் அலுவலகம் கொடுத்த கைத்தொலைபேசியில், அலுவலகக் கணக்கில் இலக்கங்களைச் சேமிக்கிறார்கள். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இரகசியமாகக் கொடுத்த இலக்கமும் அங்கேதான் கிடக்கிறது. நிருபர் விலகும் நாளில் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கிறார். இலக்கத்தைக் கொடுத்தவர் நம்பியது நிருபரை. அது போய்ச் சேர்வதோ, அவர் ஒருநாளும் பார்த்திராத அடுத்த நிருபரின் கையில்.