கடற்காற்றுப் படத்தில் தரை எது?

பள்ளிப் பாடத்தில் வரும் கடற்காற்றுப் படம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கட்டங்கள், ஒன்றில் சூரியன், மற்றதில் நிலா. பகலில் அம்புக்குறி கடலிலிருந்து தரைக்கு, இரவில் தரையிலிருந்து கடலுக்கு. இந்தப் படம் எங்கிருந்து வந்தது, மட்டக்களப்பு வாவிக் கரையில் அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று தேடியதில் எனக்குக் கிடைத்த முடிவு இதுதான்: படத்தின் விதி சரி, ஆனால் அதில் 'தரை' என்று எதைக் குறிக்கிறோம் என்பதில் நாம் கவனம் செலுத்துவதில்லை. கல்லடியிலும் காத்தான்குடியிலும் வீசும் கடற்காற்றுக்குக் காரணமான தரை எழுவான்கரை அல்ல. வாவிக்கு அப்பால் இருக்கும் படுவான்கரை.

படத்தின் வேர்கள் இரண்டு. 1686இல் எட்மண்ட் ஹேலி பருவக்காற்றுகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், சூரிய வெப்பத்தால் காற்று இலேசாகி மேலெழ, குளிர்ந்த காற்று அந்த இடத்தை நோக்கி வருகிறது என்று காரணம் சொன்னார். 1699இல் வெளிவந்த நூலில் மாலுமி வில்லியம் டாம்பியர் நேரத்தைச் சொன்னார்: கடற்காற்று காலை ஒன்பது மணியளவில் எழும், நண்பகல் தாண்டி உச்சம் கொள்ளும், மாலை ஐந்து மணியளவில் ஓய்ந்துவிடும், பிறகு தரைக்காற்று தொடங்கி விடியும்வரை வீசும். ஹேலியின் காரணத்தையும் டாம்பியரின் நேரத்தையும் சேர்த்தால் நம் பாடப்படம் வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தில் தரையும் கடலும் ஒரே ஒரு கோட்டில் சந்திக்கின்றன. வாவிக்கு அதில் இடமில்லை.

படத்தை வரையும்போது பலர் கீழ் அம்பிலிருந்து தொடங்குகிறார்கள். மேலிருந்து தொடங்கினால்தான் காரணம் விளங்கும். ஒரே அளவு வெயிலில் தரை விரைவாகச் சூடாகிறது. கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலுள்ள காற்று விரிந்து உயர்வதால், சில நூறு மீற்றர் உயரத்தில் தரைக்கு மேல் அமுக்கம் கடலுக்கு மேலுள்ளதைவிடக் கூடுகிறது. எனவே அந்த உயரத்தில் காற்று கடல் பக்கம் வழிகிறது. தரைக்கு மேல் காற்றின் நிறை குறைய, தரைமட்டத்தில் அமுக்கம் தாழ்கிறது. அதன் பிறகே கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. ஆகவே படத்தில் மேலே ஒரு திரும்பும் அம்பு கட்டாயம் வேண்டும். இரவில் எல்லா அம்புகளும் தலைகீழாகும். ஆனால் இரவில் வெப்ப வேறுபாடு சிறிது என்பதால் தரைக்காற்று மெலிந்ததாகவே இருக்கும். அம்பைக் குட்டையாக வரைவதுதான் நேர்மை.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கடற்கரைக்கு இணையாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள எழுவான்கரை ஒடுங்கிய மணல் நிலம். அதன் அகலத்தை இரண்டு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு நாலு மீற்றர் வேகத்தில் வரும் கடற்காற்று அதைக் கடக்க எட்டு நிமிடம் போதும். எட்டு நிமிடத்தில் கடந்துவிடும் நிலம், மணிக்கணக்காக வீசும் காற்றை இழுத்து நடத்த முடியாது. அதற்குப் பல கிலோமீற்றர் அகலமான சூடான நிலம் வேண்டும். அது படுவான்கரையின் வயல்வெளியிலும் அதற்கு மேற்கேயுள்ள சமவெளியிலும்தான் இருக்கிறது. பகலில் காற்று எழுவான்கரையையும் வாவியையும் கடந்து அங்கே போகிறது. இரவில் அங்கிருந்து புறப்பட்டு வாவியைத் தாண்டிக் கடலுக்கு வருகிறது.

வாவியும் நீர்தானே, அதற்கென்று தனிக் காற்று இராதா என்று கேட்கலாம். இருக்கும். காற்றசைவு இல்லாத காலைகளில் வாவியிலிருந்து இரு கரைக்கும் மெல்லிய காற்று கிளம்ப இடமுண்டு. ஆனால் வாவி ஆழமற்றது, சராசரியாக ஓரிரு மீற்றர்தான். அதனால் கடலைவிட விரைவில் சூடாகும். அகலமும் சிறிது. கடற்காற்று வந்ததும் அந்தச் சிறு காற்று அதற்குள் அடங்கிவிடும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் கச்சான் காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட வெப்பக் காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. பகலிலும் தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று இது. அப்படியானால் படம் பொய்யா? இல்லை. படம் வேறு காற்று எதுவும் வீசாத நாளைக் காட்டுகிறது. கச்சான் பலமாக வீசும் நாளில் கடற்காற்று கரைக்கே வராது. தளர்ந்த நாளில் பிற்பகலில் தாமதமாக வந்து வெக்கையைத் தணிக்கும். தாமதம் என்பதே கடற்காற்று எதிர்த்து நிற்கிறது என்பதற்குச் சான்று. பருவக்காற்றுகள் ஓய்ந்த மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் பாடப்படத்துக்குச் சரியான நாட்கள் கிடைக்கும்.

பரீட்சைக்கு எளிய படம் போதாதா என்பார்கள். எளிமை போகட்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்பை இடம், வலம் என்று மனப்பாடம் செய்த மாணவர், கடல் மேற்கே இருக்கும் கொழும்புக்குப் படம் வரையச் சொன்னால் தடுமாறுவார். ஆகவே மட்டக்களப்பு மாணவர் வரையும் படத்தில் கிழக்குத் திசை குறிக்கப்படட்டும். கடல், எழுவான்கரை, வாவி, படுவான்கரை என நாலு பகுதிகளும் வரிசையாக இருக்கட்டும். கீழே மாதத்தின் பெயரும் எழுதப்படட்டும். ஆசிரியர்கள் அதற்கும் முழுப் புள்ளி கொடுக்க வேண்டும்.