முறையியல் பத்தியில் மூன்று பெயர்கள்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் வினா நான் ஆய்ந்த ஒப்பாரிகளைப் பற்றியதன்று. முறையியல் பகுதியில் இருந்த ஒரு தொடரைப் பற்றியது. ‘இவ்வாய்வு ஹுஸ்ஸர்ல், ஹைடெக்கர், காடமர் ஆகியோரின் நிகழ்வியல் நோக்கைப் பின்பற்றுகிறது’ என்று எழுதியிருந்தேன். அதன்பின் ஒன்றரைப் பக்கம் அவர்களைப் பற்றிய அறிமுகம். “இப்பெயர்களை அடித்துவிட்டால் தங்கள் நான்காம் இயலில் எந்த வரி மாறும்?” என்றார் புறத்தேர்வாளர். எதுவும் மாறாது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குறை அத்துடன் முடியவில்லை. அம்மூவரையும் ஒரே தொடரில் அமர்த்த இயலாது. ஆய்வாளர் தம் முன்முடிவுகளை அடைப்புக்குள் இட்டு ஒதுக்கிவிட்டு, அனுபவத்தை அது தோன்றுகிறவாறே காண வேண்டும் என்பது ஹுஸ்ஸர்லின் நெறி. 1960இல் வெளிவந்த ‘உண்மையும் முறையும்’ நூலில் காடமர், முன்புரிதலை முற்றாக விலக்க இயலாது, புரிதல் அதிலிருந்தே தொடங்குகிறது என்கிறார். நான் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவள். முன்னவரைப் பின்பற்றினால் அந்நினைவை எவ்வாறு ஒதுக்கினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பின்னவரைப் பின்பற்றினால் அது என் வாசிப்பில் என்ன செய்தது என்று காட்டியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. போதாக்குறைக்கு, நண்பர்கள் இருவர் பாடல்களைத் தனித்தனியே வகைப்படுத்தி ஒத்துப்போன விழுக்காட்டையும் சான்றாகத் தந்திருந்தேன். பாடலுக்குச் சரியான பொருள் ஒன்றே உண்டு என்று கொள்பவருக்கே அச்சான்று பயன்படும்.

திருத்தத்தின்போது, செய்ததிலிருந்து எழுதத் தொடங்கினேன். பத்தி இவ்வாறு அமைந்தது: ‘ஒப்பாரியின் பொருள் பாடலுக்குள் முடிந்த ஒன்றாக இல்லை, பாடுபவர் அதை நினைவுகூர்ந்து விளக்கும் உரையாடலில் உருவாகிறது என இவ்வாய்வு கொள்கிறது. என் குடும்ப நினைவு வினாக்களை வடிவமைத்தது. அது பிழைத்த இடங்கள் நான்காம் இயலில் காட்டப்பெறும். முன்புரிதல் பற்றிய இக்கருத்து காடமரைச் சார்ந்தது. பாடகியர் 12 பேரையும் இருமுறை கண்டேன். இரண்டாம் சந்திப்பு என் விளக்கத்துக்கு ஒப்புதல் பெறுவதற்காக அன்று, அவர்கள் மாறுபடுவதற்காக. முடிவுகள் ஒப்பாரி பாடுவோர் அனைவருக்கும் உரியன அல்ல.’

இதை எழுதியபின் நான்காம் இயல் அப்படியே நிற்க முடியவில்லை. கணவனை இழந்த பெண்ணொருத்தி தன் அண்ணனை விளித்துப் பாடிய பகுதியைத் துயரத்தின் உச்சமென்று விளக்கியிருந்தேன். இரண்டாம் சந்திப்பில் அவர், “அது அழுகை இல்லம்மா, கணக்கு. பங்கு தராத அண்ணன் வாசல்ல நின்னாரு, அவரு காதுல விழணும்னு பாடினேன்” என்றார். முதல் வடிவில் இதனை ‘தகவலாளி உடன்படவில்லை’ என்று பின்னிணைப்பு அட்டவணையில் குறித்துவிட்டுக் கடந்திருந்தேன். இப்போது அது இயலின் முதற்பகுதியாயிற்று. என் விளக்கமும் அது எங்கிருந்து வந்தது என்பதும் அதனருகே இடம்பெற்றன. விழுக்காட்டு அட்டவணையை நீக்கினேன்.

நெறியாளருக்குப் பத்தி சற்று மெலிந்ததாகத் தோன்றியது. “ஹைடெக்கரையாவது வைத்திருக்கலாமே, அம்மா” என்றார். அவர் நூலை நான் முழுமையாகப் படித்ததில்லை என்று அன்றுதான் அவரிடம் சொன்னேன்.