ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிட வீடியோ

"பொண்ணு வாசிக்கத் திணறுறா, வீட்டுல கொஞ்சம் பாருங்க" என்றார் மூன்றாம் வகுப்பு டீச்சர். எங்கே திணறுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதனால் ஞாயிறுதோறும் ஒரு நிமிடம் அவள் வாசிப்பதை போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன்.

வாரம் ஒரு புதுப் பக்கம், ஆனால் ஒரே புத்தகத்திலிருந்து. பழைய பக்கத்தையே கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவாள். அவள் தூங்கிய பிறகு, பக்கத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு வீடியோவைப் போடுவேன். தப்பாக வாசித்த சொல், விட்டுவிட்ட சொல், மூன்று விநாடி நின்றதால் நான் எடுத்துக் கொடுத்த சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் கோடு இல்லை. 'ழ' வராமல் 'ள' என்று சொன்னாலும் கிடையாது. அது எனக்கே வராது!

முதல் வாரம் 42 சொல், 9 கோடு. அதாவது சரியாக வாசித்தது 33. நான்காவது வாரம் 58 சொல்! வீட்டில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். ராத்திரி எண்ணினால் 14 கோடு. சரியான சொற்கள் 44 ஆகியிருந்தது உண்மைதான். ஆனால் முன்பு நூற்றுக்கு 79 சரியாக வாசித்தவள், இப்போது 76-க்கு இறங்கியிருந்தாள்.

வீடியோவைத் திரும்பப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவள் கண் புத்தகத்துக்கும் போன் திரையில் ஓடும் விநாடிக்கும் மாறி மாறிப் போனது. பின்னணியில் ஒரு குரல், "சீக்கிரம், சீக்கிரம்!" அது என் குரல்.

கோடு போட்ட சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 14-ல் 8 ஒரே மாதிரி. 'கொடி' என்பதை 'கோடி' என்றும், 'கேட்டது' என்பதை 'கெட்டது' என்றும் வாசித்திருந்தாள். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் பார்க்காமல், முதல் எழுத்தை வைத்து ஊகித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

அன்றிலிருந்து திரையை அவளுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தேன். 'சீக்கிரம்' என்ற வார்த்தைக்கும் தடை. தினமும் பத்து நிமிடம் கொடி-கோடி, கெடு-கேடு என்று ஜோடி ஜோடியாக எழுதி வாசிக்க வைத்தேன். ஐந்தாவது வாரம் வேகம் 45 சொல்லாகக் குறைந்தது. என் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். கோடுகள் நான்குதான் என்று காட்டினேன். எட்டாவது வாரம் 54 சொல், 3 கோடு.

ஆங்கிலப் பிள்ளைகளின் நிமிடக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். அங்கே மூன்று சொல்லாக வருவது, நமக்குப் 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்று ஒரே சொல்.

போன வாரம் முதல் வீடியோவை அவளிடமே போட்டுக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பார்த்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"அம்மா, இங்க 'கொடி'யை 'கோடி'ன்னுட்டேன். பென்சிலக் குடு, நானே கோடு போடுறேன்."