கையொப்பம் வரும் வேளை

மேஜை விரிப்புகளும் திரைச்சீலைகளும் ஏற்றுமதி செய்யும் கரூர் வியாபாரி ஒருவர், ஹாம்பர்க் நகரத்து வாடிக்கையாளர் 90 நாள் தவணை கேட்பதாகவும், சரக்கு வந்து சேர்ந்ததும் பிராமிசரி நோட்டு எழுதி அனுப்புவதாகச் சொல்வதாகவும் கூறி, "நோட்டு வந்தால் போதுமல்லவா, சார்?" என்று வினவினார். வங்கியில் அயல்நாட்டு உண்டியல்களைக் கவனித்துவரும் எனக்கு, அந்தக் காகிதம் எழுதப்படும் வேளையில் சரக்கு யார் வசம் இருக்கும் என்பதே முதல் கவலை.

நோட்டு, கடன்பட்டவர் தாமே எழுதித் தரும் வாக்கு. மாற்றுண்டியல், விற்றவர் எழுதி வாங்கியவருக்கு இடும் கட்டளை. வாங்கியவர் அதன் முகப்பில் சம்மதக் கையொப்பம் இடும்வரை அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எழுதுகிறவர் விற்றவரே ஆதலால், அதைக் கப்பல் ரசீதுடனும் விலைப்பட்டியலுடனும் சேர்த்து எங்கள் மூலம் ஹாம்பர்க் வங்கிக்கு அனுப்பி, "கையொப்பமிட்டாலன்றி ரசீதைக் கொடுக்க வேண்டாம்" என்று நிபந்தனை விதிக்கலாம். நோட்டுக்கும் இதே நிபந்தனை விதிக்க இயலும். சரக்கு சேர்ந்தபின் நோட்டு என்ற ஏற்பாட்டில்தான் அதற்கு இடமில்லை. கப்பல் ரசீதும் வாடிக்கையாளர் பெயருக்கே நேராக எழுதப்படாமல், உத்தரவுப்படி ஒப்படைக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

அடுத்தது தவணை. "பார்வைக்குப்பின் 90 நாள்" என்றெழுதினால், கப்பல் வரும்வரை வாடிக்கையாளர் கையொப்பத்தைத் தள்ளிப்போட, நாட்கணக்கும் அத்தனை நாள் தள்ளிப்போகும். ஆதலால் கப்பல் ரசீதின் தேதியிலிருந்து எண்ணச் சொன்னேன். மார்ச் 10 தேதியிட்ட ரசீதுக்கு ஜூன் 8 தவணை நாள். நம் சட்டம் தரும் மூன்று சலுகை நாட்கள் ஜெர்மனியில் இல்லை.

கையொப்பம் கடனை நிரூபிக்கும். கடனாளியின் கஜானாவை நிரப்பாது. தவணை நாளில் பணம் வராவிடில், அதை அத்தேசத்து அதிகாரி முன் பதிவுசெய்யும் 'புரொடெஸ்ட்' என்ற நடவடிக்கைக்கு, அங்கே தவணை நாளை அடுத்த இரண்டு வேலைநாட்களே அவகாசம். முன்கூட்டியே எழுத்தில் உத்தரவு கொடாவிடில் வசூலிக்கும் வங்கிக்கு அதைச் செய்யும் கடமையில்லை. கையொப்பமிட்டவருக்கு அக்கம்பெனியின் சார்பில் கையொப்பமிட அதிகாரம் உண்டா என்பதற்கும் அவ்வங்கி பொறுப்பேற்பதில்லை.

எனவே வாடிக்கையாளரின் வங்கியே உண்டியலில் 'அவல்' என்னும் ஜாமீன் கையொப்பம் இடுமா என்று கேட்கச் சொன்னேன். ஜெர்மானியச் சட்டப்படி, அப்படி இட்ட வங்கி, வாடிக்கையாளரைப் போலவே தானும் அத்தொகைக்குக் கடன்பட்டதாகும். அதற்கான கட்டணத்தை வாடிக்கையாளர் தரமாட்டாரெனில், அதை விலையில் சேர்த்துக் கணக்கிட்டு, வியாபாரம் கட்டுமா என்று பார்க்கட்டும். தம் வங்கியே நம்பாத ஒருவரைக் கரூரிலிருந்துகொண்டு நம்புவதற்கு முன், ஏன் என்றாவது கேட்கட்டும்.