சிக்னல் போன பின்னேரம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கட போனில் சிக்னல் இல்லாமல் போனது. டவர் பிரச்சினை என்று இரண்டு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டோம். அதே கம்பனி சிம் பாவிக்கும் மகளுக்குச் சிக்னல் இருந்ததைக் கவனிக்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. முதல் வாரம் "பரிசு" என்று கோல் எடுத்தவனுக்கு அடையாள அட்டை இலக்கமும் கணக்கு இலக்கமும் கொடுத்திருந்தோம். அதை வைத்து, "போன் தொலைந்துவிட்டது" என்று எங்கட இலக்கத்துக்குப் புது சிம் எடுத்திருக்கிறான். அது இயங்கியதும் எங்கட சிம் செத்துவிட்டது. வங்கியின் பாஸ்வேர்டை மாற்றக் கேட்டான்; ஓடிபி அவனுக்கே போனது. நாங்கள் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை.

முதலில் சிம் கம்பனிக்கு எடுத்தோம். அதற்குள் 85,000 ரூபாய் போய்விட்டது. நீங்கள் வேறு போனில் முதலில் வங்கிக்கு எடுத்து ஒன்லைன் கணக்கை முடக்குங்கள். பிறகு சிம் கம்பனிக்கு எடுங்கள்.