முட்டையும் முடிவிலியும்

பி.எஸ்சி. மேத்ஸ், செகண்ட் இயர். ஸ்லிப் டெஸ்ட்டில் ஒரே கேள்வி, பத்து மார்க். ‘இயல் எண்களும் இரட்டைப்படை எண்களும் சம அளவு என நிறுவுக.’ நான் ஒரே வரியில் முடித்தேன்: ‘இரண்டுமே முடிவில்லாதவை. எனவே சமம்.’ பேப்பரில் அழகாக ஒரு முட்டை!

கோபமாகப் போய் நின்றேன். ‘‘விடை சரிதானே மேடம்?’’

‘‘காரணம் தப்புப்பா. முடிவில்லாததெல்லாம் சமம்னா, 0-க்கும் 1-க்கும் நடுவுல இருக்கற மெய்யெண்களும் இயல் எண்களும் சமமாகணும். ஆகாதுன்னு கேன்டர் 1874-லயே நிரூபிச்சுட்டாரே! கல்யாணப் பந்தியில தலையையும் இலையையும் எண்ணியா பார்க்கறோம்? ஆளுக்கு ஒரு இலை. காலி இலையும் இல்லை, நிக்கிற ஆளும் இல்லைன்னா ரெண்டும் சமம். அதுதான் பைஜெக்‌ஷன். போய் பந்தி போடு!’’

ஹாஸ்டலில் உட்கார்ந்து போட்டேன். 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 6... அதாவது f(n) = 2n. ரெண்டு பேருக்கு ஒரே இலை விழுமா? 2a = 2b என்றால் a = b. விழாது, ஒன்-ஒன். காலி இலை உண்டா? எந்த இரட்டைப்படை எண் m-ஐ எடுத்தாலும் m/2 ஒரு இயல் எண். அதுதான் அந்த இலைக்காரர், ஆன்ட்டு. 2, 4, 6 என்று நாலு உதாரணம் காட்டினால் போதாது, ‘எந்த m’ என்று எடுத்தால்தான் நிரூபணம்.

எட்டிப் பார்த்த ரூம்மேட் குட்டையைக் குழப்பினான். ‘‘டேய், 2-க்கு 2, 4-க்கு 4-னு உட்கார வைடா. 1, 3, 5 எல்லாம் இலை இல்லாம நிக்குதே! அப்போ சமமில்லையே?’’

ராத்திரி தூக்கம் போச்சு. நிஜப் பந்தியில் யாரை எங்கே உட்கார வைத்தாலும் மிச்சம் மாறாது. முடிவில்லாப் பந்தியில் மாறும்! ஒரு விதமாக உட்கார்த்தினால் பாதிப் பேர் நிற்பார்கள். வேறு விதமாக உட்கார்த்தினால் ஒருவர்கூட நிற்க மாட்டார். அதனால்தான் விதி இப்படி: உருப்படியாக ஒரு ஜோடி முறை இருந்தால் போதும், சமம். சமமில்லை என்று சொல்ல, எந்த முறையுமே தேறாது என்று காட்டணும். ரூம்மேட் காட்டியது தேறாத ஒரு முறையை மட்டும். கலிலியோவே 1638-ல் வர்க்க எண்களை வைத்து இங்கேதான் மாட்டினார். முடிவிலிக்குச் சமம், பெரிசு, சிறிசு என்ற பேச்சே பொருந்தாது என்று விட்டுவிட்டார். பெரிய மனுஷரே மாட்டியிருக்கார், நாம எம்மாத்திரம்!

ரீ-டெஸ்ட்டில் மேடம் முழு எண்களைக் கேட்டார்கள். 0, 1, -1, 2, -2 என்று மாறி மாறி உட்கார வைத்தேன். n இரட்டை என்றால் n/2. ஒற்றை என்றால் -(n-1)/2. நேர் எண் k, 2k-லிருந்து வரும். பூஜ்யமும் -k-யும் 2k+1-லிருந்து. காலி இலையே இல்லை.

பத்துக்கு எட்டு. இரட்டை n-க்கு நேர் எண், ஒற்றை n-க்கு பூஜ்யம் அல்லது குறை எண், அதனால் ரெண்டும் ஒரே இலையில் மோதாது என்று எழுத மறந்திருந்தேன்.