12 சக்கரம், 15 பேர்

மதுரையில் நடந்த மட்பாண்டப் பட்டறை ஒன்றுக்குப் பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன். ஆளுக்கொரு சக்கரம். கூடத்தில் இருந்தவை 12. அதனால் பொதுச் சீட்டு 8, மாணவர் சீட்டு 4. என் பக்கமோ 15 பேரிடம் பணம் வாங்கி, "உங்கள் இடம் உறுதி" என்று மின்னஞ்சலும் அனுப்பிவிட்டது.

பக்கத்தைத் திறந்ததும், பணம் கட்டியவர்களை மட்டும் எண்ணி மீதியைக் காட்டும்படி எழுதியிருந்தேன். அதன் பிறகுதான் ஒருவர் பெயர் நிரப்பி, கைபேசியை எடுத்து, யுபிஐயில் பணம் அனுப்புவார். அந்தச் சில நிமிடங்களில் அந்த இடம் யார் பெயரிலும் இல்லை. மாணவர் சீட்டில் ஒன்றுதான் மீதி இருந்தபோது நான்கு பேர் உள்ளே வந்தார்கள். நால்வருக்கும் "1 இடம் உள்ளது" என்றே காட்டியது. நால்வரும் கட்டினார்கள். இடம் இன்னும் இருக்கிறதா என்று திரும்பப் பார்க்கும் வரி என் நிரலில் இல்லை.

பட்டறை நடத்திய அக்கா முன்பே கேட்டார்: "ரெண்டு பேர் ஒரே நேரத்துல கட்டினா என்னாகும் தம்பி?"

"அதெல்லாம் சிஸ்டமே பாத்துக்கும்க்கா" என்றேன். சோதித்துப் பார்க்காமலே சொன்னேன். அது ஆணவம். இரண்டு உலாவிகளைத் திறந்து கடைசிச் சீட்டை ஒரே நேரத்தில் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பணம் கேட்பதற்கு முன்பே இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். மீதி பார்ப்பதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```sql
UPDATE tickets SET taken = taken + 1
WHERE type = 'student' AND taken < 4;
```

இதனால் ஒரு வரிசையும் மாறவில்லை என்றால் சீட்டு தீர்ந்துவிட்டது. பணப் பக்கத்துக்கே அனுப்பக் கூடாது. பிடித்த இடத்துக்கு 15 நிமிடம் கெடு வைத்து, பணம் வராவிட்டால் விடுவிக்க வேண்டும். கெடு தாண்டிப் பணம் வந்தால் மறுபடி இடம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணம் திரும்பிப் போக வேண்டும். உறுதி மின்னஞ்சல் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

இது என் அலட்சியம். இதைவிட மோசமானதையும் செய்தேன். முந்தின நாள் மாலை வருகைப் பட்டியலை எடுத்தபோது 15 பெயர்களைப் பார்த்தேன். உடனே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன். மூன்று பேராவது வராமல் போவார்கள் என்று எண்ணி வாயை மூடிக்கொண்டேன்.

எல்லோரும் வந்தார்கள். சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வந்த மாணவி ஒருத்தி என் மின்னஞ்சலைத் திறந்து காட்டினாள். தான் செய்யாத தவறுக்கு அக்கா மூன்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன், முன்னால் வரவில்லை.

சீட்டுப் பணம் திரும்பக் கிடைத்தது. பேருந்துக் காசும், அவள் விட்ட தூக்கமும் கிடைக்கவில்லை. நான் அந்த மாலையே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் பேருந்து ஏறியிருக்க மாட்டாள்.